வினைச்சொல்லில் கண் வை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் கேட்டிருந்த கேள்விக்கு அதிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வரியில் அடங்குகிற பதில் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். "பாடத்துல இருந்து வர்ற கேள்விய மனப்பாடம் பண்ணிடுவேன் அத்தை. படிக்காத பாராவக் குடுத்து கேள்வி கேட்டா, கிராமர் கேட்டா, லெட்டர் எழுதச் சொன்னா என்ன பண்றது?" என்று கேட்டாய். பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்ற முறையில் வருஷா வருஷம் என் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் இந்த மூன்றும் வினாத்தாளில் எங்கே வருகின்றன என்று பார்த்துக்கொள். இப்போதுள்ள அமைப்பில் நூறு மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். கிராமர், ஒரு மதிப்பெண் கேள்விகளில் கொஞ்சமும் இரண்டு மதிப்பெண் பகுதியில் ஐந்துக்கு மூன்று எழுதும்படியும் வரும். ஐந்து மதிப்பெண் பகுதியில் ஓரிடத்தில் விளம்பரம், கடிதம், நோட்டீஸ், படத்தைப் பார்த்து எழுதுவது, குறிப்பெடுப்பது, பிழை திருத்துவது என்று ஆறு கொடுத்து நாலு எழுதச் சொல்வார்கள். அந்த நாலில் கடிதமும் பிழை திருத்தமும் உன்னுடையவையாக இருக்கட்டும். பழகினால் இரண்டும் கைவிடாது. கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண்ணுக்கு, நீ முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து நாலு கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதிலாகப் பார்க்காத ஒரு கவிதையையும் எடுக்கலாம். பத்தியையே எடு. கவிதையில் வரியை மடக்கி எழுதியிருப்பதால் எழுவாய் எது, வினை எது என்று தேடுவதற்குள் நேரம் போய்விடும்.

இந்த மூன்று பகுதியிலும் நம் பிள்ளைகள் இழக்கிற மதிப்பெண்ணில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் போகிறது. அது வெர்ப். காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் "போகவில்லை" என்று சொன்னால் ஆண், பெண், ஒருவர், பலர், நேற்று, இன்று எதற்கும் சொல் மாறாது. "போனாள்" என்றால் யார், எப்போது என்ற இரண்டும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கும். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் இரண்டு சொற்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. "ஷீ டிட் நாட் கோ" என்பதில் காலத்தை "டிட்" சுமக்கிறது, பொருளை "கோ" சுமக்கிறது. பழக்கம் இல்லாதவர்கள் இரண்டிலும் காலத்தை ஏற்றி "ஷீ டிட் நாட் வென்ட்" என்று எழுதுகிறார்கள். விடைத்தாளில் அதிகம் கண்ணில் படுகிற பிழை இதுதான்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நாலு வரியை எழுதிக்கொள். டூ, டஸ், டிட் வந்தால் அடுத்து வெறும் வினை: கோ, ரைட், க்ளீன். கேன், வில், ஷுட், மஸ்ட் வந்தாலும் அப்படியே, வெறும் வினை. ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் மூன்றாம் வடிவம்: கான், ரிட்டன், க்ளீன்ட். இஸ், ஆர், வாஸ், வேர் வந்தால் இரண்டு வழி உண்டு. எழுவாயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் "இங்" சேர்ந்த வடிவம், வேலை எழுவாயின் மேல் நடந்தால் மூன்றாம் வடிவம். பள்ளித் தேர்வுக்கு இந்த நாலு வரி போதும். இனி இதை வைத்துக்கொண்டு மூன்று பகுதிக்குள்ளும் போவோம்.

பத்தியை எடுத்துக்கொள். இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வை: ஒரு கிராமத்தில் பழைய ஏரி. பல வருஷமாக யாரும் அதைத் தூர்வாரவில்லை. பத்தியில் உள்ள வாக்கியம், "சில்ட் ஃபில்ட் இட் அண்ட் தி ரெயின்வாட்டர் ஃப்ளோட் அவே." ஊர்ப் பெண்கள் சேர்ந்து, தினமும் காலையில் சூரியன் உதிக்கும் முன் வேலை செய்து, அந்த "சில்ட்"டை அகற்றினார்கள். அது வயலை வளப்படுத்தும் என்பதால் விவசாயிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த மழையில் நிறைந்த தண்ணீர் ஏப்ரல் வரை நின்றது.

பத்தியை முதலில் படிக்காதே. நாலு கேள்வியையும் முதலில் படி. ஒவ்வொன்றிலும் இரண்டே சொல்லின் கீழ் பென்சில் கோடு போடு: கேள்விச் சொல், வினை. அதன்பிறகு பத்தியைப் படித்தால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே படிப்பாய். கேள்விகள் பெரும்பாலும் பத்தி போகிற வரிசையிலேயே இருக்கும். அதனால் இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போது முதல் விடை கிடைத்த இடத்திலிருந்து கீழே பார்த்தால் போதும்.

முதல் கேள்வி: "வொய் டிட் தி ரெயின்வாட்டர் ஃப்ளோ அவே?" கேள்விச் சொல் "வொய்", ஆகவே விடைக்குள் "பிகாஸ்" இருக்க வேண்டும். வினை "டிட் ஃப்ளோ". விடைக்கு வரும்போது "டிட்" கழன்றுவிடும், அது சுமந்த இறந்தகாலம் "ஃப்ளோ"வில் போய் ஏறி "ஃப்ளோட்" ஆகும். கேள்வியிலுள்ள மற்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டால் விடையின் முன்பாதி வினாத்தாளிலேயே கிடைத்துவிடுகிறது: "தி ரெயின்வாட்டர் ஃப்ளோட் அவே பிகாஸ் சில்ட் ஃபில்ட் தி டேங்க்." பத்தியில் "இட்" என்று இருந்ததை "தி டேங்க்" என்று மாற்றியிருக்கிறேன், பார். பத்தியிலிருந்து வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். விடையைத் தனியாகப் படிக்கிறவருக்கு "இட்" எதைக் குறிக்கிறது என்று தெரியாது. இட், தே, ஹி, திஸ் இவற்றில் எது வந்தாலும் அதற்குரிய பெயரைத் தேடிப் போட்டு எழுது. இன்னொரு ஆபத்து, "ஃப்ளோ"வின் இறந்தகாலம் என்று நினைத்து "ஃப்ளூ" என்று எழுதுவது. அது பறப்பதற்கான வினை. அப்படி எழுதினால் தண்ணீர் பறந்துபோய்விடும். சந்தேகம் வந்தால் பத்தியைப் பார். சரியான வடிவம் பெரும்பாலும் அங்கேயே அச்சாகியிருக்கும்.

இன்னொரு வகைக் கேள்விக்குப் பத்தியில் நேரடி வரி இருக்காது. "ஹவ் டு யூ நோ தட் தி விமன் வேர் ஹார்ட்-வர்க்கிங்?" என்று கேட்டால், "ஹார்ட்-வர்க்கிங்" என்ற சொல்லைப் பத்தியில் தேடாதே, கிடைக்காது. அதற்குச் சாட்சியாக நிற்கிற வரியைத் தேடு. சூரியன் உதிக்கும் முன் தினமும் வேலை செய்தார்கள் என்பதே சாட்சி. அந்த வரியை எழுதி, "ஸோ வீ நோ தட் தே வேர் ஹார்ட்-வர்க்கிங்" என்று முடி. பெண்களின் உழைப்பைப் பற்றி உன் சொந்தக் கருத்து நாலு வரி சேர்த்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது. பத்திக்கு வெளியே போகாதே.

"சில்ட்" என்ற சொல் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். பதறாதே. அது ஏரியை நிரப்புகிறது, பெண்கள் அதை வெளியே எடுக்கிறார்கள், வயலில் போட்டால் மண் வளமாகிறது. அதன் மேல் நடக்கிற வினைகளே அது வண்டல் என்று சொல்லிவிடுகின்றன. இது எல்லாச் சொல்லுக்கும் ஒத்துவராது. ஒரே ஒரு தடவை, சுற்றிலும் ஒரு தடயமும் இல்லாமல் வருகிற சொல்லை இப்படிப் பிடிக்க முடியாது. அப்போது அந்தச் சொல்லைத் தாண்டிப் போ. நாலு கேள்வியில் எதுவும் அதைத் தொடவில்லை என்றால் அதன் பொருள் உனக்குத் தேவையே இல்லை.

அடுத்து கிராமர். எல்லாத் தலைப்பையும் இந்தக் கடிதத்தில் அடைக்கப் போவதில்லை. நம் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறுகிற இரண்டை மட்டும் சொல்கிறேன்.

வாய்ஸ் மாற்றுவதில், "தி விமன் ஆர் க்ளீனிங் தி டேங்க்" என்று கொடுத்திருக்கிறார்கள். செயப்படுபொருளான "தி டேங்க்" முன்னால் வந்து உட்காருகிறது. இனிமேல் அதுதான் எழுவாய். அது ஒருமை, ஆகவே "ஆர்" நிற்கக் கூடாது, "இஸ்" வர வேண்டும். பழைய வாக்கியத்தில் "க்ளீன்" மேல் இருந்த "இங்" இப்போது "பீ"யின் மேல் ஏறி "பீயிங்" ஆகிறது. கடைசியில் மூன்றாம் வடிவம். "தி டேங்க் இஸ் பீயிங் க்ளீன்ட் பை தி விமன்." பிழை வருகிற இடங்கள் இரண்டு. பழைய "ஆர்" அப்படியே ஒட்டிக்கொண்டு வருவது ஒன்று, "பீயிங்" விட்டுப்போவது மற்றொன்று. "பீயிங்" இல்லாமல் "தி டேங்க் இஸ் க்ளீன்ட்" என்று எழுதினாலும் வாக்கியம் சரியாகத்தான் தெரியும். ஆனால் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்பது போய், வழக்கமாக நடக்கிறது என்று பொருள் மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கொடுத்த வாக்கியத்தில் வினைச்சொற்கள் எத்தனை என்று எண்ணு. டூ, டஸ், டிட் இல்லாத வாக்கியம் பேசிவுக்குப் போகும்போது எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். இங்கே "ஆர் க்ளீனிங்" இரண்டு, "இஸ் பீயிங் க்ளீன்ட்" மூன்று. கூடவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டாய்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச் கேள்வியில் வருகிற பிழைக்கு நேராகத் தமிழே காரணம். டீச்சர் என்னிடம், "வேர் டு யூ கீப் யுவர் புக்ஸ்?" என்று கேட்டார். தமிழில் இதை "புத்தகங்களை எங்கே வைக்கிறாய் என்று கேட்டார்" என்று சொல்லிவிடுவோம். கேட்ட கேள்வி கேட்டபடியே உள்ளே இருக்கும், பின்னால் "என்று" சேர்த்தால் முடிந்தது. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. கேள்வியின் அமைப்பைக் கலைத்து, சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது: "தி டீச்சர் ஆஸ்க்ட் மீ வேர் ஐ கெப்ட் மை புக்ஸ்." "டு" போய்விட்டது, "கீப்" "கெப்ட்" ஆகிவிட்டது, "யூ" "ஐ" ஆகவும் "யுவர்" "மை" ஆகவும் மாறிவிட்டன, கேள்விக்குறியும் இல்லை. "வேர் டிட் ஐ கீப்" என்று எழுதினால், காலத்தை மாற்றிவிட்டாலும் கேள்வி இன்னும் கேள்வியாகவே இருக்கிறது என்று அர்த்தம். எழுதி முடித்ததும் "வேர்" என்ற சொல்லுக்கு அடுத்து யார் என்று பார். ஆள் இருந்தால் சரி, வினை இருந்தால் தவறு. "டு யூ லைக் டீ?" போல ஆம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்வியில் கேள்விச் சொல் இருக்காது. அங்கே "இஃப்" சேர்த்துக்கொள், மற்றதெல்லாம் அதே மாதிரிதான்.

பிழை திருத்தத்திலும் முதலில் வினையைப் பார். "ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஆர் ஆப்சென்ட்" என்று இருந்தால், வராதவன் ஒருவன்தான், ஆகவே "இஸ்". வினை சரியாக இருந்தால் அடுத்தபடியாக, தமிழ் உள்ளே புகுந்திருக்கிறதா என்று பார். "வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி ப்ளான்" என்பதில் "அபௌட்" தேவையில்லை. "பற்றி விவாதித்தோம்" என்று நாம் சொல்வதால் அது நம் காதில் உறுத்துவதில்லை. "தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி வாக்ட்" என்பதில் "தோ", "பட்" இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது "எ", "ஆன்". "ஹானஸ்ட்" என்பது எச் எழுத்தில் தொடங்கினாலும் வாயில் உயிரொலியாகவே வருகிறது, அதனால் "ஆன் ஹானஸ்ட் மேன்". ப்ரிப்போசிஷன் மட்டும் வினையைப் பிடிப்பதால் வந்துவிடாது. அதைப் பார்க்கப் பார்க்கச் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

கடைசியாகக் கடிதம். உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, நகராட்சி ஆணையருக்கு எழுது என்று கேட்கிறார்கள் என்று வை. கூடு எல்லா அலுவல் கடிதத்துக்கும் ஒன்றுதான்: "ஃப்ரம்", "டு", "சார்", "சப்" என்று பொருள் ஒரு வரி, கடிதத்தின் உடல், நன்றி, "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி", கையெழுத்து, இடம், தேதி, கடைசியில் ஒரு கட்டம் போட்டு உறை மேல் எழுதும் முகவரி. இந்தக் கூட்டுக்கும் மதிப்பெண் உண்டு. தேதியையும் உறை முகவரியையும் மறந்துவிட்டு மதிப்பெண்ணை விடுகிறவர்கள் ஏராளம். "யுவர்ஸ்" என்பதில் எஸ்-க்கு முன்னால் மேலே காற்புள்ளி போடாதே. உன் சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ எங்கேயும் எழுதாதே. வினாத்தாளில் பெயரும் ஊரும் கொடுத்திருந்தால் அவை, இல்லாவிட்டால் எக்ஸ், ஒய் போன்ற எழுத்துகள் போதும்.

உடலுக்கு மூன்று சிறு பத்தி போதும்: என்ன நடந்தது, அதனால் என்ன கஷ்டம், என்ன செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் கடிதம் தானாக நகரும். முதல் பத்தியில் உள்ள விஷயம் முன்பே தொடங்கி இன்றும் தொடர்கிறது. ஆகவே "தி ஸ்ட்ரீட் லைட்ஸ் ஹேவ் நாட் பீன் பர்னிங் ஃபார் தி பாஸ்ட் டென் டேஸ்." இங்கே பிள்ளைகள் "ஆர் நாட் பர்னிங் சின்ஸ் டென் டேஸ்" என்றே எழுதுகிறார்கள். "பத்து நாளா எரியல" என்ற தமிழ் அப்படியே இறங்கிவிடுகிறது. எத்தனை நாள் என்று சொன்னால் "ஃபார்". எந்த நாளிலிருந்து என்று சொன்னால் மட்டும் "சின்ஸ்": "சின்ஸ் மண்டே." இரண்டுக்கும் முன்னால் "ஹேவ்" அல்லது "ஹேஸ்" வர வேண்டும். இரண்டாம் பத்தியில் உள்ளது தினமும் நடக்கிற கஷ்டம், அதனால் சாதாரண நிகழ்காலம்: "ஸ்டூடன்ட்ஸ் ரிட்டர்ன் ஃப்ரம் ட்யூஷன் இன் தி டார்க். ஓல்ட் பீப்பிள் ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு வாக்." மூன்றாம் பத்தி கோரிக்கை: "ஐ ரிக்வெஸ்ட் யூ டு ரிப்பேர் தி லைட்ஸ் சூன்." "டு" வந்ததால் வெறும் வினை, "ரிப்பேர்ட்" இல்லை.

"ஆவன செய்யவும்" என்பதற்கு ஈடான ஆங்கிலத் தொடர் ஒன்றைக் கைடுகளில் பார்த்திருப்பாய். அதை விட்டுவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல். எத்தனை விளக்கு, எந்தத் தெரு, எத்தனை நாள் என்பவை கடிதத்தில் இருந்தால், திருத்துகிறவர் அது கேட்ட கேள்விக்கு எழுதியது என்று ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். மனப்பாடம் செய்த பொதுக் கடிதத்தில் இவை இருக்காது. குப்பைக்குக் கேட்டாலும் குடிநீருக்குக் கேட்டாலும் அதே வரிகள்தான் வரும், அது விடைத்தாளில் பளிச்சென்று தெரியும். அப்பாவுக்கோ தோழிக்கோ எழுதச் சொன்னால் கூடு மாறும்: "சப்" கிடையாது, "சார்" கிடையாது, "டியர்" என்று தொடங்கி "யுவர்ஸ் லவிங்லி" என்று முடி. தோழிக்குப் போகிற கடிதத்தில் "ஃபெய்த்ஃபுல்லி" போடாதே.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது? வாரத்துக்கு ஒரு பழைய வினாத்தாளிலிருந்து பத்தி ஒன்று, கடிதம் ஒன்று, பிழை திருத்தம் ஒன்று எடுத்துக்கொள். கடிகாரம் வைத்து எழுது: பத்திக்கு 20 நிமிடம், கடிதத்துக்கு 15, பிழை திருத்தத்துக்கு 8. எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் அந்த நாலு வரியோடு ஒப்பிட்டுப் பார். தவறியதை ஒரு நோட்டில் எழுது: தவறாக எழுதியது ஒரு பக்கம், சரியானது மறுபக்கம். நாலைந்து வாரத்தில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும். தேர்வுக்கு முந்தைய நாள் கைடைப் புரட்டாமல் அந்த நோட்டைப் படி.

தேர்வு அன்று வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கிற முதல் 10 நிமிடத்தில் எட்டு மதிப்பெண் பத்தியின் கேள்விகளை ஒரு முறை படித்துவிடு. எழுதி முடித்தபின் கடைசி 10 நிமிடத்தை மிச்சம் வை. அப்போது முழு விடைத்தாளையும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். பத்தியின் விடைகளிலும் கடிதத்திலும் விரலை வைத்து வினைச்சொற்களை மட்டும் தொட்டுக்கொண்டே போ. "டிட்"டுக்குப் பின்னால் இறந்தகாலம் நின்றால் அடித்துத் திருத்து. அடித்தல் திருத்தலுக்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஒரே கோட்டில் அடித்து மேலே தெளிவாக எழுது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வேலை. உங்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டச் சொல்லி நூலகருக்கு ஒரு கடிதம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. அதில் உள்ள வினைச்சொற்களை மட்டும் திருத்தி அனுப்புகிறேன். மற்றதை அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அத்தை